கணக்கு வெளிவருமுன் பங்கை விற்பதா, பொறுப்பதா? பணிப்பாளர் ஒருவருக்கு முன்னுள்ள வழிகள்

கொழும்புப் பங்குச் சந்தையில் பட்டியற்படுத்தப்பட்ட ஓர் உணவு உற்பத்திக் கம்பனியை எடுத்துக்கொள்வோம். அதன் நிதியாண்டு மார்ச் 31இல் முடிகிறது. மூன்றாம் காலாண்டு டிசம்பர் 31உடன் முடிந்துவிட்டது. பட்டியற்படுத்தல் விதிகளின்படி, முதல் மூன்று காலாண்டுகளின் இடைக்கால நிதி அறிக்கையை ஒவ்வொரு காலாண்டும் முடிந்து 45 நாட்களுக்குள் வெளியிட வேண்டும். ஆகவே கம்பனிக்குப் பெப்ரவரி 14 வரை நேரம் இருக்கிறது. பணிப்பாளர் சபை பெப்ரவரி 10இல் கூடி அறிக்கைக்கு அங்கீகாரம் வழங்க உள்ளது.

இன்று ஜனவரி 22. நிதிப் பணிப்பாளரின் மேசையில் வரைவுக் கணக்கு கிடக்கிறது. இலாபம் போன வருடத்தின் இதே காலாண்டைவிடப் பாதியாகக் குறைந்திருக்கிறது. அவரிடம் கம்பனியின் 400,000 பங்குகள் உள்ளன. இன்றைய விலை 62 ரூபாய். வெளிநாட்டில் படிக்கும் மகளின் பல்கலைக்கழகக் கட்டணமாக 60 இலட்சம் ரூபாயைப் பெப்ரவரி 5க்குள் அனுப்பியாக வேண்டும். பங்கை விற்றுக் கட்டுவது என்று அவர் போன வருடமே வீட்டில் பேசி வைத்திருந்தார்.

தேவை உண்மையானது, முடிவும் பழையது. ஆனாலும் இன்று அவர் தரகருக்கு அழைப்பெடுத்து விற்பனை ஆணை கொடுத்தால், உள்ளகத் தகவலை வைத்துக்கொண்டு வர்த்தகம் செய்த குற்றச்சாட்டுக்குத் தன்னைத் தானே திறந்துவிடுகிறார். அவருக்கு முன்னுள்ள வழிகள் நான்கு: அனுமதி பெற்று இப்போதே விற்பது, அறிக்கை வெளியான பின் விற்பது, இடைக்காலத்தில் கடன் எடுப்பது, முன்கூட்டியே எழுதி வைத்த விற்பனைத் திட்டத்தின்படி விற்பது. ஐந்தாவதாக ஒரு வழி பலரின் வாயில் அடிபடும். அது வழியே அல்ல என்பதைக் கடைசியில் பார்ப்போம்.

முதலில் கணக்கு

இரண்டு விலைகளில் இதைப் போட்டுப் பார்க்க வேண்டும். 10 கோடி ரூபாய்க்கு உட்பட்ட கொடுக்கல் வாங்கலில் தரகுக் கட்டணம், பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழுவுக்கும் சந்தைக்கும் போகும் கட்டணங்கள், பங்குப் பரிவர்த்தனை வரி எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 1.12 சதவீதம் கழிகிறது. 62 ரூபாய்க்கு விற்றால் கையில் 60 இலட்சம் நிற்க ஏறத்தாழ 97,900 பங்குகளை விற்க வேண்டும். அறிக்கை வெளியாகி விலை 54க்கு இறங்கியது என்று வைப்போம். அதே 60 இலட்சத்துக்கு 112,400 பங்குகள் போகும். மேலதிகமாக 14,500 பங்குகள், அன்றைய விலையில் ஏறக்குறைய 7.8 இலட்சம் ரூபாய்.

இந்த 7.8 இலட்சந்தான் இந்தக் கட்டுரையின் நடுவில் உட்கார்ந்திருக்கும் தொகை. இப்போதே விற்றால் அவர் தவிர்த்துக்கொள்ளும் நட்டம் இது. சட்டத்தின் கண்ணில் தவிர்த்த நட்டமும் சம்பாதித்த இலாபமும் ஒன்றுதான். அந்தத் தொகை காற்றில் கரைந்து போவதும் இல்லை. 62 ரூபாய்க்கு அவரிடமிருந்து வாங்கிய யாரோ ஒருவர், மட்டக்களப்பிலோ வெள்ளவத்தையிலோ ஓய்வூதியப் பணத்தைப் போட்ட ஓர் ஆசிரியராகவும் இருக்கலாம், அவர்தான் அதைச் சுமப்பார். திரையில் வாங்குபவரின் முகம் தெரிவதில்லை. அதனாலேயே இந்தத் தவறு தவறாகத் தோன்றாமல் போய்விடுகிறது.

வழி ஒன்று: அனுமதி கேட்டு இப்போதே விற்பது

2021ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழுச் சட்டம், 1987ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டத்தின் இடத்துக்கு வந்தது. இந்தச் சட்டத்தின் முன் நிற்பவர் தன்னிடமே கேட்க வேண்டியவை மூன்று. என்னிடம் உள்ள தகவல் பொதுவில் கிடைக்கிறதா? கிடைத்தால் நியாயமாகச் சிந்திக்கும் ஒருவர் விலை குறிப்பிடத்தக்க அளவில் அசையும் என்று எதிர்பார்ப்பாரா? அது வெளிவராத தகவல் என்பது எனக்குத் தெரியுமா, தெரிந்திருக்க வேண்டுமா? நம் நிதிப் பணிப்பாளர் விடயத்தில் மூன்றுக்கும் விடை வெளிப்படை. இலாபம் பாதியாகியிருக்கிறது. அது பொதுவில் இல்லை. அது தெரிந்த முதல் ஆள் அவர்தான்.

“மகளின் கட்டணத்துக்காக விற்றேன், நட்டத்தைத் தவிர்க்க அல்ல” என்ற விளக்கம் மனிதருக்குப் புரியும். விசாரணை மேசையில் அதை நம்பி ஆணை போட முடியாது. தேவை எவ்வளவு பழையது என்பதை அவர் நிறுவ வேண்டியிருக்கும். அவர் கையில் தகவல் இருந்ததை நிறுவ மற்றத் தரப்புக்குக் கம்பனிச் செயலாளரின் ஒரு மின்னஞ்சல் போதும்: வரைவுக் கணக்கு எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, யார் யாருக்கு அனுப்பப்பட்டது என்பது அதில் இருக்கும்.

அனுமதி என்பதைப் பற்றி ஒரு பெரிய தவறான எண்ணம் உலவுகிறது. பட்டியற்படுத்தல் விதிகளின் 9ஆம் பிரிவு, பணிப்பாளர்களும் ஊழியர்களும் கம்பனியின் பங்குகளில் வர்த்தகம் செய்வது பற்றிய கொள்கையை ஒவ்வொரு பட்டியற்படுத்தப்பட்ட நிறுவனமும் வைத்திருக்க வேண்டும் என்கிறது. பெரும்பாலான கொள்கைகளில் இரண்டு அம்சங்கள் இருக்கும். ஒன்று வாங்கவோ விற்கவோ கூடாத மூடிய காலம்: காலாண்டு முடிந்த நாளிலிருந்தோ அதற்குச் சற்று முன்பிருந்தோ அறிக்கை வெளியாகும் வரை. மற்றது முன்னனுமதி: திறந்த காலத்திலும் தலைவரிடமோ, விதிகள் பின்பற்றப்படுவதைக் கவனிக்கும் இணக்க அதிகாரியிடமோ எழுத்தில் கேட்டுவிட்டே ஆணை போட வேண்டும் என்பது.

இவை கம்பனி தானே போட்டுக்கொண்ட வேலிகள். சட்டம் அவற்றுக்கு அப்பால் தனியாக நிற்கிறது. இணக்க அதிகாரி “சரி” என்று கையெழுத்திட்டாலும், கேட்டவரின் தலைக்குள் இருக்கும் தகவல் அந்தக் கையெழுத்தால் அழிந்துவிடுவதில்லை. அதிகாரிக்குத் தெரிந்தது கேட்டவர் சொன்னது மட்டுமே. ஆகவே முன்னனுமதிப் படிவத்தில் மிக முக்கியமான வரி பங்குகளின் எண்ணிக்கை அல்ல. “விலையைப் பாதிக்கக்கூடிய, வெளியிடப்படாத தகவல் எதுவும் என்னிடம் இல்லை” என்ற பிரகடனந்தான். ஜனவரி 22இல் நம் பணிப்பாளர் அந்த வரியின் கீழ் உண்மையோடு கையெழுத்திட முடியாது. இந்த வழி அங்கேயே அடைபடுகிறது.

அனுமதி மறுக்கப்பட்டால் இன்னொரு கவனமும் தேவை. “ஏதோ இருக்கிறது, அதனால்தான் விடவில்லை” என்று மதிய உணவில் யாரிடமாவது சொன்னால் அந்த மறுப்பே ஒரு தகவலாகிவிடும். மறுப்புக்குக் காரணம் எழுதாமல் இருப்பது நல்ல நடைமுறை. மறுப்பையே இரகசியமாக வைத்திருப்பது கட்டாயம்.

வழி இரண்டு: அறிக்கை வெளியான பின் விற்பது

இதுதான் நேரான வழி. ஆனால் “வெளியான பின்” என்பதற்கு எந்தக் கணம் பொருந்தும் என்பதில் பலர் தடுக்கி விழுகிறார்கள்.

பெப்ரவரி 10 பிற்பகலில் சபை அங்கீகரித்தது, மாலையில் அறிக்கை பங்குச் சந்தையின் இணையத்தளத்தில் ஏறியது என்று வையுங்கள். மறுநாள் காலை 9.30க்குச் சந்தை திறக்கும் மணியோடு ஆணை போடலாமா? கூடாது. தகவல் பரவவும், வாசித்தவர்கள் அதை எடைபோடவும் போதிய நேரம் கழியும் வரை உள்ளே இருப்பவர்கள் ஒதுங்கி நிற்க வேண்டும். எத்தனை நாள் என்பதைக் கம்பனியின் கொள்கை சொல்லும். இரண்டு முழுச் சந்தை நாட்கள் என்று வைத்திருந்தால், 11ஆம் 12ஆம் தேதிகள் சந்தை நாட்களானால், 13ஆம் தேதிதான் முதல் நாள். இடையில் வார இறுதியோ போயா விடுமுறையோ வந்தால் அது எண்ணிக்கையில் சேராது.

பத்திரிகையில் ஏற்கனவே ஊகமாக வந்துவிட்டது என்ற சமாதானமும் உதவாது. “இலாபம் குறையலாம் என்று சந்தையில் பேசுகிறார்கள்” என்பதும் கம்பனி உறுதிப்படுத்திய எண்ணும் ஒன்றல்ல. உண்மையில் அப்படியொரு வதந்தி பரவினால் கம்பனிக்கே விளக்கமளிக்கும் கடமை வருகிறது.

இதைவிட ஆழமான குழி ஒன்று இந்த வழியில் இருக்கிறது. கதவு திறந்திருப்பதால் மட்டும் உள்ளே நுழைய அனுமதி வந்துவிடாது. அதே கம்பனி தன் குளிர்பானப் பிரிவை விற்பது பற்றி நவம்பரிலிருந்து ஒருவரோடு பேசிக்கொண்டிருக்கிறது என்று வையுங்கள். உடனே வெளியிட்டால் பேச்சு முறியும் என்பதால் கம்பனி அதை இப்போதைக்கு வெளியிடாமல் வைத்திருக்கிறது. இரகசியம் காக்கப்படும் வரை அப்படித் தற்காலிகமாக ஒத்தி வைக்க விதிகளில் இடம் உண்டு. மூன்றாம் காலாண்டு அறிக்கை வெளியாகிவிட்டது. பிரிவை விற்கும் பேச்சு வெளியாகவில்லை. நிதிப் பணிப்பாளருக்கு அது தெரியும். அவருக்குப் பெப்ரவரி 13 திறந்த நாள் அல்ல. களஞ்சியப் பொறுப்பாளருக்கு அது தெரியாது. அவருக்கு அதே நாள் திறந்திருக்கிறது. ஒரே கம்பனி, ஒரே தேதி, இரண்டு ஆட்கள், இரண்டு விடைகள்.

எனவே ஆணை போடும் காலையில் பணிப்பாளர் ஒரு தாளை எடுத்து, இன்று வெளியில் தெரியாத, நான் அறிந்த பெரிய விடயங்கள் எவை என்று எழுதிப் பார்க்க வேண்டும். உடன்படிக்கைப் பேச்சு, பங்கிலாப முன்மொழிவு, பெரிய வழக்கு, வங்கிக் கடன் நிபந்தனை மீறல், முக்கிய அதிகாரியின் விலகல், உரிமைப் பங்கு வெளியீடு. ஒவ்வொன்றின் பக்கத்திலும் “வாங்குபவருக்கு இது தெரிந்தால் விலையை மாற்றிக் கேட்பாரா?” என்ற கேள்வி. ஒன்றுக்காவது ஆம் என்றால் பேனையை மூடிவிட வேண்டியதுதான். தாளை முன்னனுமதிக் கோரிக்கையோடு சேர்த்து இணக்க அதிகாரியிடம் கொடுப்பது நல்லது. அவர் அப்போதுதான் உண்மையில் எதையாவது பார்த்துச் சொல்கிறார்.

இந்த வழியின் பிரச்சினை காலம். கட்டணம் பெப்ரவரி 5, கதவு பெப்ரவரி 13. இடைவெளியை எப்படிக் கடப்பது என்பதில்தான் மூன்றாம் வழி வருகிறது.

வழி மூன்று: இடைவெளிக்குக் கடன்

கடனில் இரண்டு வகை. இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். ஆபத்தில் வெகு தூரம் வேறுபடும்.

நிலையான வைப்பையோ வீட்டையோ ஈடு வைத்து எடுக்கும் கடன் ஒரு வகை. 60 இலட்சத்தை 45 நாட்களுக்கு ஆண்டுக்கு 12 சதவீத வட்டியில் எடுத்தால் வட்டி ஏறக்குறைய 89,000 ரூபாய். வட்டி வீதம் கூடினால் விகிதப்படி கூடும். பெப்ரவரி முதல் வாரம் எடுத்து, 13க்குப் பின் பங்கை விற்று மார்ச் நடுவில் அடைத்துவிடலாம். பங்கோடு இதற்குச் சம்பந்தமே இல்லை. ஆகவே உள்ளகத் தகவல் பற்றிய கேள்வி எழாது.

பங்கையே ஈடு வைப்பது மற்ற வகை. கையில் பங்கு இருக்கும்போது தரகு நிறுவனமோ வங்கியோ முதலில் முன்வைப்பது இதைத்தான். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஈட்டுப் பெறுமதியில் 60 சதவீதம் வரை கொடுப்பார்கள் என்றால், 60 இலட்சம் பெற 62 ரூபாய் விலையில் 162,000 பங்குகளை ஈடு வைக்க வேண்டும். அவற்றின் பெறுமதி ஏறத்தாழ 1 கோடியே 44,000 ரூபாய். அறிக்கை வெளியாகி விலை 54 ஆனதும் பெறுமதி 87.5 இலட்சத்துக்கு இறங்குகிறது. அதில் 60 சதவீதம் 52.5 இலட்சம். 7.5 இலட்சம் குறைகிறது. வங்கி மேலதிக ஈடு கேட்கும். கொடுக்காவிட்டால் பங்கை விற்கும்.

இங்கே மூன்று முடிச்சுகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. விலை இறங்கப் போகிறது என்று தெரிந்தே ஈடு வைத்தவர், அந்த இறக்கத்தின் ஒரு பகுதியைக் கடன் கொடுத்தவரின் தோளில் ஏற்றியிருக்கிறார். அடுத்து, வதந்தியால் விலை பெப்ரவரி 10க்கு முன்பே விழுந்தால், வங்கி விற்கும் நாள் மூடிய காலத்துக்குள் வந்துவிடும். ஆணை கொடுத்தது வங்கி என்றாலும் விற்கப்பட்டவை பணிப்பாளரின் பங்குகள். அந்த விற்பனையைக் காட்டும் வெளிப்படுத்தலில் அவருடைய பெயர்தான் வரும். கடைசியாக, ஈட்டு ஒப்பந்தத்தில் பங்கைக் கையாளும் அதிகாரம் யாரிடம் போகிறது என்பதைப் பார்த்து, அதைக் கம்பனிக்கு அறிவிக்க வேண்டுமா என்று செயலாளரிடம் முன்கூட்டியே கேட்க வேண்டியும் வரும். மூடிய காலத்தில் பங்கை ஈடு வைப்பதை விற்பனைக்குச் சமமாகவே கம்பனிக் கொள்கை நடத்த வேண்டும் என்பது எம் உறுதியான கருத்து. கொள்கையில் “வர்த்தகம்” என்ற சொல்லுக்குக் கொடுத்த விளக்கத்தில் ஈடு வைத்தல் இல்லாவிட்டால், அது அச்சுப் பிழை அல்ல, ஓட்டை.

சொந்த வைப்பில் கடன் எடுத்துப் பின்னர் விற்றால் நம் பணிப்பாளருக்கு மொத்தச் செலவு 7.8 இலட்சமும் 89,000மும். 8.7 இலட்சம் என்று வைக்கலாம். வலிக்கும் தொகைதான். அதில் 7.8 இலட்சம் அவருடைய நட்டம். பங்கை வைத்திருந்த எல்லோருக்கும் வரும் அதே நட்டம். உள்ளே இருப்பதால் அதிலிருந்து விலக்குக் கிடைக்காது. உள்ளே இருப்பதற்காக அவர் உண்மையில் கூடுதலாகக் கொடுப்பது 89,000 ரூபாய் வட்டி மட்டுமே.

வழி நான்கு: முன்கூட்டியே எழுதிய திட்டம்

எதுவும் தெரியாத ஒரு நாளில், எத்தனை பங்கு, எந்தத் தேதியில், என்ன விலையில் என்று எழுதித் தரகரிடம் கொடுத்துவிட்டுக் கையை எடுத்துவிடுவது. பின்னர் தகவல் வந்தாலும் திட்டம் தன் பாட்டில் ஓடும். அமெரிக்காவில் இதற்கான விதி 2000ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. துர்ப்பயன்பாடு கூடியதால் 2022 டிசம்பரில் அதை இறுக்கினார்கள். பணிப்பாளர்களும் அதிகாரிகளும் திட்டம் எழுதி முதல் விற்பனை நடக்கக் குறைந்தது 90 நாள் பொறுக்க வேண்டும். இந்தியாவில் 2015ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளில் 6 மாதம் என்று இருந்த இடைவெளி 2024இல் 120 நாளாகக் குறைக்கப்பட்டது.

அந்த விதிகளின் பாதுகாப்பு அந்தந்த நாட்டுச் சட்டத்தால் வருவது. கொழும்பில் ஒருவர் அவற்றை இரவல் எடுத்து “எனக்கும் திட்டம் இருந்தது” என்று சொல்லித் தப்பலாம் என எண்ணக் கூடாது. இங்கே அப்படி எழுதிய திட்டம் ஒரு நல்ல சாட்சி. கேடயம் என்று அதை நம்பி நடக்க வேண்டாம். சட்டத்தரணியின் எழுத்து மூல ஆலோசனையும் கம்பனியின் அனுமதியும் இல்லாமல் அதில் இறங்குவது சரியல்ல.

நல்ல சாட்சியாக வேண்டுமானாலும் அது சில விடயங்களில் நேர்மையாக இருக்க வேண்டும். இரண்டாம் காலாண்டு அறிக்கை நவம்பரில் வெளியாகி, கதவு திறந்த பின் எழுதியிருக்க வேண்டும். “பெப்ரவரி முதல் வாரம் 50,000, இரண்டாம் வாரம் 50,000, விலை 50 ரூபாய்க்குக் குறையாமல்” என்பதுபோல் தரகருக்கு எதையும் கேட்கத் தேவையில்லாத அளவுக்குத் தெளிவாக இருக்க வேண்டும். “நல்ல விலை வரும்போது என்னைக் கேட்டு விற்கவும்” என்று எழுதினால் அது திட்டம் அல்ல, தொலைபேசி ஆணை. அந்த அழைப்பு வரும் கணத்தில் கையில் என்ன தகவல் இருந்ததோ அதுதான் எண்ணப்படும்.

மிகவும் அடிக்கடி நடக்கும் பிசகு நிறுத்துவதில். இலாபம் கூடியிருப்பதை ஜனவரியில் பார்த்து, “இப்போது விற்க வேண்டாம்” என்று திட்டத்தை நிறுத்தினால், நிறுத்திய செயல் வர்த்தகம் அல்ல என்று வாதாடலாம். ஆனால் கெட்ட செய்தி வரும்போது ஓடவிட்டு, நல்ல செய்தி வரும்போது நிறுத்துபவரின் திட்டம் தானாக ஓடியது என்று பிறகு யார் நம்புவார்?

நம் பணிப்பாளருக்கு இந்த வருடம் இந்த வழி இல்லை. ஜனவரியில் எழுதும் திட்டத்துக்கு ஒரு பெறுமதியும் கிடையாது. அடுத்த வருடக் கட்டணத்துக்கு உண்டு. இன்னும் எளிதாக, ஒவ்வொரு திறந்த காலத்திலும் 25,000 பங்கு வீதம் விற்று வைப்பில் போட்டு வந்தால் திட்டமே தேவைப்படாது.

வழியல்லாத வழி

மைத்துனரின் கணக்கில் உள்ள பங்கை விற்கச் சொல்வது, நண்பரிடம் “கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்” என்று வட்ஸ்அப்பில் போடுவது. தகவலைக் கொடுப்பதும் தனிக் குற்றம். கொடுத்தவர் ஒரு சதம் கூட எடுத்திருக்கத் தேவையில்லை. கொழும்பில் பிறந்து நியூயோர்க்கில் நிதியம் நடத்திய ராஜ் ராஜரத்தினம் உள்ளகத் தகவலை வைத்து வர்த்தகம் செய்ததற்காக 2011இல் குற்றவாளியாகக் காணப்பட்டு 11 ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றது நம் வாசகர்கள் பலருக்குத் தெரியும். அவருக்குத் தகவல் கொடுத்தவர்களில் ஒருவரான ரஜத் குப்தா, தான் பணிப்பாளராக இருந்த கோல்ட்மன் சாக்ஸ் வங்கியின் சபைக் கூட்டம் முடிந்த கையோடு தொலைபேசி எடுத்தவர். அவர் அந்த வங்கியின் பங்கைத் தாமே வாங்கவில்லை. அவருக்கும் 2012இல் 2 ஆண்டுச் சிறை. கூட்டம் முடிந்த நேரம், அழைப்பு நேரம், கொள்வனவு நேரம் என்று மூன்று பதிவுகளை அடுத்தடுத்து வைத்ததும் கதை தானாகப் புரிந்தது. இங்கும் ஒவ்வொரு ஆணையும் பங்குகள் பதிவாகியிருக்கும் ஒரு சிடிஎஸ் கணக்கின் இலக்கத்தோடுதான் சந்தைக்குள் போகிறது.

விற்ற பின்: வெளிப்படுத்தும் கடமை

பெப்ரவரி 13இல் வெளியாகாத பெரிய விடயம் எதுவும் இல்லை என்று வைப்போம்: பட்டியல் தாள் சுத்தம், அனுமதி கையில், ஆணை போட்டாயிற்று. வேலை பாதிதான் முடிந்திருக்கிறது. இதற்குப் பின்னால் வருவது தாள் வேலை என்று அலட்சியம் செய்பவர்கள், சரியாக விற்றும் தவறானவர்களாகத் தெரிவார்கள்.

பங்கு மெல்லிய வர்த்தகம் உள்ளதானால் 112,400 பங்குகள் ஒரே நாளில் போகாது. 13ஆம் தேதி 41,000 பங்கு 54.20க்கு, 16ஆம் தேதி 38,400 பங்கு 54.00க்கு, 17ஆம் தேதி மிச்சம் 33,000 பங்கு 53.70க்கு என்று மூன்று நாளில் போகலாம். முன்னனுமதிக்கு ஆயுள் உண்டு. கொள்கை மூன்று சந்தை நாள் என்று சொன்னால் நான்காம் நாள் மிச்சத்துக்குப் புதிதாகக் கேட்க வேண்டும். இடையில் புதிதாக ஏதேனும் தெரியவந்தால் மிச்ச ஆணையை அன்றே விலக்கிக்கொள்ள வேண்டும்.

2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின்படி, பங்கில் தனக்குள்ள அக்கறையை, அதாவது உரித்தை, வாங்கியோ விற்றோ மாற்றிக்கொண்ட பணிப்பாளர் அதைத் தாமதமின்றிச் சபைக்கு வெளிப்படுத்த வேண்டும்: எத்தனை பங்கு, எந்த வகை, அக்கறையின் தன்மை, பெற்ற தொகை, தேதி. அது கம்பனியின் அக்கறைப் பதிவேட்டில் ஏறும், ஆண்டறிக்கையிலும் தெரியும். பட்டியற்படுத்தல் விதிகளின் கீழ்ப் பணிப்பாளர்களினதும் பிரதம நிறைவேற்று அதிகாரியினதும் கொடுக்கல் வாங்கலைக் கம்பனி சந்தைக்கு அறிவிக்க வேண்டும். இது கம்பனியின் தோளில் இருக்கும் கடமை. பணிப்பாளர் சொன்னால்தான் கம்பனிக்குத் தெரியும் என்பதால், விற்ற அன்று மாலையே செயலாளருக்கு எழுதிவிடுவதே ஒழுங்கு.

எழுதும்போது பிசகும் இடங்கள் பழகியவை. மூன்று நாள் விற்பனையைச் சராசரி விலையில் ஒரே வரியில் எழுதுவது. ஒவ்வொரு நாளும் தனி வரியாக வேண்டும். பணம் கைக்கு வந்த நாளைத் தேதியாகப் போடுவது. போட வேண்டியது வர்த்தகம் நடந்த நாள். மனைவியோடு சேர்ந்த கூட்டுக் கணக்கில் இருந்து விற்றதை விட்டுவிடுவது. தான் கட்டுப்படுத்தும் குடும்பக் கம்பனியின் பெயரிலுள்ள பங்கை “என்னுடையதல்ல” என்று நினைப்பது. பெயர் யாருடையது என்பதைவிட வாக்கையும் விற்பனையையும் தீர்மானிப்பது யார் என்பதே அக்கறையைக் காட்டும்.

எவ்வளவு மறைந்தாலும் எண்கள் ஒருநாள் சந்திக்கும். இடைக்கால அறிக்கை ஒவ்வொன்றிலும் பணிப்பாளர்கள் வைத்திருக்கும் பங்குகளும் முதல் 20 பங்குதாரர்களும் அச்சாகின்றன. டிசம்பர் 31இல் 400,000 என்று இருந்தது மார்ச் 31இல் 287,600 ஆகியிருக்கிறது. இடையிலுள்ள 112,400க்கு மூன்று அறிவித்தல்கள் சந்தையின் இணையத்தளத்தில் இருக்க வேண்டும். கழித்துப் பார்த்து ஒத்துப்போகாதபோது கேள்வி முதலில் வருவது ஆணைக்குழுவிடமிருந்து என்றில்லை. ஆண்டுப் பொதுக் கூட்டத்தில் கையில் இரண்டு அறிக்கைகளோடு எழுந்து நிற்கும் சிறு பங்குதாரர் ஒருவரிடமிருந்தும் வரலாம்.

இக்கடமைகள் பணிப்பாளருக்குத்தான், கீழேயுள்ள கணக்காளருக்கு அறிவிக்கும் படிவம் எதுவும் இல்லை. வரைவுக் கணக்கை உண்மையில் தட்டச்சுச் செய்தவர் அவர். வர்த்தகம் செய்யக் கூடாது என்ற தடை அவரையும், அந்தக் கோப்பைத் திறந்த கணக்காய்வு உதவியாளரையும் அதே அளவில் கட்டும். செயலாளர் வைத்திருக்கும் “அறிந்தோர் பட்டியலில்” இவர்களுடைய பெயர்களும், கோப்பு அவர்களிடம் போன நேரமும் இருந்தால், பெப்ரவரி 9ஆம் தேதி யாரோ ஒருவர் 20,000 பங்கு விற்றது ஏன் என்ற கேள்வி வரும்போது எங்கே பார்ப்பது என்று கம்பனிக்குத் தெரியும்.